சங்கீத சபைப் பரீட்சைக்கு லீவு கேட்டு வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதும் முறை

வட இலங்கைச் சங்கீத சபை வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், பரதநாட்டியம் போன்றவற்றுக்குத் தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது. அறிமுறை ஒரு நாள், செயன்முறை இன்னொரு நாள் என்று வரும்போது இரண்டில் ஒன்று பாடசாலை நாளில் விழுந்துவிடலாம். அப்போது மாணவர் வகுப்பாசிரியருக்கு லீவுக் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதம் பத்து வரிதான். ஆனால் அதற்கு முன்னே பார்க்கவேண்டியவற்றைப் பார்க்காமல் எழுதினால் ஆசிரியர் திருப்பித் தருவார், அல்லது கடிதத்தை வாங்கிக்கொண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார். கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்து வாருங்கள்.

1. அனுமதி அட்டை கைக்கு வரும்வரை கடிதம் எழுதாதீர்கள்

பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிய உடனேயே சிலர் லீவு கேட்டுவிடுகிறார்கள். நடன ஆசிரியை "அடுத்த மாத நடுப்பகுதியில் இருக்கும்" என்று சொன்னதை வைத்து ஒரு திகதியை ஊகித்து எழுதுகிறார்கள். பிறகு திகதி வேறாக வர, இரண்டாவது கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. இரண்டாவது கடிதத்தை ஆசிரியர் முதற் கடிதத்தைப் போல எடுத்துக்கொள்ள மாட்டார்.

அட்டை வந்ததும் அதில் ஐந்து விடயங்களைப் பாருங்கள்: உங்கள் பெயர், சுட்டெண், தோற்றும் துறையும் தரமும், பரீட்சை நிலையம், திகதியும் நேரமும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்துவது உங்கள் சங்கீத அல்லது நடன ஆசிரியரின் வேலை. பாடசாலைக்கு அதை விளக்கி எழுதத் தேவையில்லை. ஆனால் அட்டையில் முழுப்பெயரும் வரவு இடாப்பில் முதலெழுத்தோடு சுருக்கப் பெயரும் இருந்தால், கடிதத்தில் இடாப்பில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வகுப்பாசிரியர் பெயரைத் தேடப்போவது இடாப்பில்தான்.

அடுத்து நாட்காட்டியை எடுங்கள். திகதி சனி, ஞாயிறு, போயா அல்லது தவணை விடுமுறைக்குள் வந்தால் லீவே தேவையில்லை. இதைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டு எழுதும் மாணவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அறிமுறை வார இறுதியிலும் செயன்முறை கிழமை நாளிலும் வந்தால் செயன்முறைக்கு மட்டும் கேளுங்கள்.

2. எவ்வளவு நேரம் தேவை என்று கணக்குப் போடுங்கள்

முழுக் கடிதத்திலும் அதிகம் பிழைப்பது இந்த இடம். அட்டையில் உள்ள நேரம் பெரும்பாலும் நீங்கள் அங்கே நிற்கவேண்டிய நேரம். உங்களை உள்ளே கூப்பிடும் நேரம் வேறு. செயன்முறையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் தோற்றமுடியும். பரதநாட்டியம் என்றால் நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியைக்கு ஒரே நாளில் பல மாணவிகள் இருப்பார்கள், அதற்கேற்ப வரிசை முன்பின்னாகும். ஆகவே ஒன்பதரைக்கு வரச்சொன்னால் பத்துக்கு முடிந்துவிடும் என்று நம்பி மிகுதிப் பாடவேளைகளுக்கு வகுப்புக்குத் திரும்புவதாக எழுதாதீர்கள். எழுதிவிட்டுத் திரும்பாமல் விட்டால், ஆசிரியர் உங்களைத் தேடுவார்.

கணக்கைப் பரீட்சை நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சாவகச்சேரியில் படிக்கும் தரம் 9 மாணவி ஒருத்திக்கு யாழ்ப்பாண நகரில் காலை 9.30க்குப் பரதநாட்டியச் செயன்முறை என்று வைத்துக்கொள்வோம். சேலை கட்டித் தலை பின்னிப் பொட்டு வைத்து ஆயத்தமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பஸ்ஸுக்கும் நகரில் இறங்கி நிலையத்துக்குப் போவதற்கும் இன்னொரு மணித்தியாலத்தை ஒதுக்கவேண்டும். ஆயத்தம் ஏழு மணிக்கே தொடங்கிவிடும், பாடசாலையோ 7.30க்குத் தொடங்குகிறது. காலையில் வகுப்புக்கு வந்துபோக வழியில்லை. முடிந்து வீடு வர எப்படியும் மதியம் தாண்டும், 1.30க்குப் பாடசாலை விட்டுவிடும். ஆகவே அவளுக்கு முழுநாள் லீவுதான் சரி.

அதே பரீட்சை பிற்பகல் 2.30க்கு என்றால் கணக்கு மாறும். முழுநாள் கேட்கக் காரணம் இல்லை. இடைவேளை வரை வகுப்பில் இருந்துவிட்டு வெளியேற அனுமதி கேட்டால் போதும். காலைப் பாடவேளைகள் தவறாது என்பதால் ஆசிரியரும் எளிதாக ஒத்துக்கொள்வார். வாய்ப்பாட்டு மாணவிக்கு அலங்காரத்துக்கு நேரம் தேவையில்லை, அவள் இன்னும் ஒரு பாடவேளை கூட இருந்துவிட்டுப் போகலாம். மிருதங்கமோ வீணையோ என்றால் வாத்தியத்தை யார் எப்படிக் கொண்டுபோவது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வீணையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகமுடியாது. வாகனம் வரும் நேரம்தான் நீங்கள் வெளியேறும் நேரமும்.

பரீட்சைக்கு முதல்நாள் பயிற்சிக்காக லீவு கேட்பதானால் அதை இந்தக் கடிதத்தோடு கலக்காதீர்கள். பரீட்சைத் திகதிக்கு அட்டை ஆதாரமாக இருக்கிறது. பயிற்சி நாளுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஆதாரமுள்ள கோரிக்கையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். ஒத்திகையைப் பாடசாலை விட்ட பிறகோ வார இறுதியிலோ வைத்துக்கொள்வதே நல்லது.

3. அந்த நாளில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

நேரசூசியை எடுத்து அன்றைய பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அலகுப் பரீட்சை, கணிப்பீடு, ஒப்படை கையளிக்கும் நாள், உங்களுக்கு மாணவத் தலைவர் கடமை, குழுவேலையில் உங்கள் பங்கு ஆகியவற்றில் ஏதாவது அன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால், கடிதம் கொடுக்கும் முன்னே அந்தப் பாட ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். "சேர், வியாழக்கிழமை எனக்குச் சங்கீத சபைப் பரீட்சை, உங்கட அலகுப் பரீட்சையை நான் எப்ப எழுதலாம்?" என்று கேட்டால் அவர் ஒரு நாள் சொல்வார். அந்த நாளைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். வகுப்பாசிரியருக்கு உண்மையில் தலையிடி தருவது ஒருநாள் வராமை அல்ல. வராத மாணவியின் புள்ளி வெற்றிடத்தை யார் எப்போது நிரப்புவது என்பதுதான். அதை நீங்களே தீர்த்துக்கொண்டு போனால் அவர் கேட்க ஒன்றும் இருக்காது.

தவணைப் பரீட்சை நாளில் மோதினால் வகுப்பாசிரியரால் மட்டும் முடிவெடுக்க முடியாது. பெற்றோர் அதிபரை நேரில் சந்திக்கவேண்டும். அப்போதும் கடிதம் வகுப்பாசிரியர் ஊடாக அதிபருக்கு என்று முகவரியிடப்படவேண்டும். வகுப்பாசிரியரைத் தாண்டி நேரே அதிபரிடம் போவது நல்லதல்ல. அதிபர் முதலில் கேட்கப்போவது வகுப்பாசிரியரின் கருத்தைத்தான்.

4. எழுதும் முன் மேசையில் இருக்கவேண்டியவை

கோடிட்ட முழுத்தாள் ஒன்று, நீலம் அல்லது கறுப்புப் பேனை, அனுமதி அட்டையின் போட்டோ கொப்பி ஒன்று. மூல அட்டையைப் பாடசாலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அது புத்தகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டால் பரீட்சை நாள் காலையில் வீடே தலைகீழாகும். கொப்பியில் சுட்டெண்ணும் திகதியும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அட்டை மங்கலாக இருந்தால் அந்த இரண்டையும் கொப்பியின் ஓரத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

பெற்றோர் ஒப்பமும் தேவை. மாணவர் தானே எழுதும் லீவுக் கடிதத்தில் பெற்றோர் ஒப்பம் இல்லாவிட்டால் வீட்டுக்குத் தெரியாமல் கேட்கிறாரோ என்ற கேள்வி எழும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் என்றால் பெற்றோரே எழுதிக் கொடுப்பது முறை.

5. கடிதத்தை எழுதுங்கள்

முதலில் மாதிரியைப் பாருங்கள். பிறகு ஏன் அப்படி என்று சொல்கிறேன். மேலே சொன்ன தரம் 9 மாணவியின் கடிதம் இது.

தரம் 9 'ஆ',
(பாடசாலையின் பெயர்),
சாவகச்சேரி.
12.06.2026

வகுப்பாசிரியை,
தரம் 9 'ஆ',
(பாடசாலையின் பெயர்),
சாவகச்சேரி.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்கட்கு,

பரதநாட்டியச் செயன்முறைப் பரீட்சைக்காக 18.06.2026 வியாழக்கிழமை ஒருநாள் விடுமுறை கோரல்

நான் தங்கள் வகுப்பில் கல்வி கற்கும் (இடாப்பில் உள்ளபடி பெயர்). வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் பரதநாட்டியப் பரீட்சையில் சபையின் நான்காம் தரத்துக்குத் தோற்றுகின்றேன். எனது செயன்முறைப் பரீட்சை 18.06.2026 வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு யாழ்ப்பாணத்தில் (நிலையத்தின் பெயர்) நடைபெறவுள்ளது. எனவே அன்றைய ஒருநாள் விடுமுறையைத் தந்துதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

அன்று நடைபெறவுள்ள விஞ்ஞான அலகுப் பரீட்சையை 22.06.2026 திங்கட்கிழமை இடைவேளையில் எழுதுவதற்குப் பாட ஆசிரியர் சம்மதித்துள்ளார். ஏனைய பாடக் குறிப்புகளை 19ஆந் திகதி பாடசாலைக்கு வந்து எழுதி முடிப்பேன்.

அனுமதி அட்டையின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள மாணவி,
(ஒப்பம்)
(பெயர்)

பெற்றோர் / பாதுகாவலர் ஒப்பம்:
தொலைபேசி இலக்கம்:

இனி இதில் கவனிக்கவேண்டிய இடங்கள்.

தலைப்பு வரியிலேயே காரணம், திகதி, கிழமை, நாட்களின் எண்ணிக்கை நான்கும் வந்துவிட்டன. வகுப்பாசிரியர் காலையில் இடாப்புக் கூப்பிடும் அவசரத்தில் கடிதத்தை வாங்குவார். தலைப்பை மட்டும் வாசித்தாலும் என்ன வேண்டும் என்று அவருக்கு விளங்கவேண்டும். "விடுமுறை கோரல்" என்று மட்டும் தலைப்பிட்டால் அவர் முழுவதையும் வாசித்தாகவேண்டும், அதனால் பிறகு பார்க்கலாம் என்று மடித்து வைத்துவிடுவார்.

திகதியோடு கிழமையையும் எழுதுவது பிழை பிடிக்க உதவும். 18ஐ 16 என்று எழுதிவிட்டாலும் வியாழக்கிழமை என்று இருப்பதைப் பார்த்து ஆசிரியர் கேட்பார். கிழமை இல்லாவிட்டால் அந்தப் பிழை பரீட்சை நாளன்றுதான் தெரியவரும்.

தரம் என்ற சொல்லை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். பாடசாலை வகுப்பும் தரம்தான், சபைப் பரீட்சையின் படியும் தரம்தான். "நான் தரம் 4 பரீட்சைக்குத் தோற்றுகின்றேன்" என்று தரம் 9 மாணவி எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் திகைப்பார். வகுப்பை எண்ணிலும் பரீட்சைப் படியைச் "சபையின் நான்காம் தரம்" என்று எழுத்திலும் எழுதினால் குழப்பம் இல்லை. அதேபோல் "பரீட்சை" என்று தனியாக விடாதீர்கள். சங்கீத சபை, பரதநாட்டியம், செயன்முறை ஆகிய மூன்றும் ஒருமுறையாவது சேர்ந்து வரவேண்டும். அறிமுறைக்கும் இன்னொரு நாள் லீவு கேட்கப்போகிறீர்கள் என்றால் இது மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒரே பரீட்சைக்கு இரண்டு முறை லீவு கேட்கிறீர்கள் என்றே தோன்றும்.

இரண்டு திகதிகளும் ஒரே அட்டையில் தெரிந்திருந்து இரண்டும் பாடசாலை நாட்களாக இருந்தால் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். தலைப்பில் இரண்டு திகதிகளையும் எழுதி, "இரண்டு நாட்கள்" என்று குறியுங்கள். இடையில் உள்ள நாட்களில் பாடசாலைக்கு வருவீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "16 முதல் 18 வரை" என்று எழுதினால் 17ஆந் திகதியும் லீவு என்று ஆகிவிடும்.

6. எழுதாமல் விடவேண்டியவை

"தவிர்க்கமுடியாத காரணத்தினால்" என்ற தொடர் லீவுக் கடிதங்களில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காரணத்தைச் சொல்ல விரும்பாதவர் எழுதும் தொடர் அது. உங்களிடம் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது. அதையே எழுதுங்கள்.

எத்தனை வருடமாக நடனம் பழகுகிறீர்கள், எந்த மேடைகளில் ஆடினீர்கள், இந்தப் பரீட்சை உங்கள் எதிர்காலத்துக்கு எவ்வளவு தேவை என்பன வேண்டாம். லீவு தருவதற்கு ஆசிரியருக்கு அவை தேவையில்லை. நடுவில் அவை வந்தால் திகதியும் நேரமும் மறைந்துவிடும். "கட்டாயம் தரவேண்டும்", "மறுக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்" போன்ற அழுத்தங்களையும் விடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, காய்ச்சல் என்று எழுதுவது. நடனப் பரீட்சைக்கு லீவு தரமாட்டார்கள் என்று பயந்து சிலர் இப்படிச் செய்கிறார்கள். பிறகு பெறுபேறு வந்து, காலைக் கூட்டத்தில் பாராட்ட அதிபர் பெயர் கூப்பிடும்போது திகதி வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு உண்மையான காய்ச்சலுக்குக் கூட மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நடனத்தில் விருப்பமில்லாத ஆசிரியராக இருந்தாலும், உண்மைக் காரணத்தோடு அட்டையின் பிரதியும் இருந்தால் மறுப்பது அரிது.

7. எப்போது, எப்படிக் கையளிப்பது

பரீட்சைக்கு முன் குறைந்தது மூன்று பாடசாலை நாட்களாவது இருக்கும்படி கொடுங்கள். மாதிரியில் வெள்ளிக்கிழமை கொடுத்து அடுத்த வியாழன் பரீட்சை. இடையில் திங்கள், செவ்வாய், புதன் இருக்கின்றன. வகுப்பாசிரியர் அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ கேட்கவேண்டியிருந்தால் அதற்குள் கேட்டுவிடுவார். ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்தால் அது மறந்துபோகும்.

நேரில், கையில் கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டு வருவதும் நண்பியிடம் கொடுத்தனுப்புவதும் வேண்டாம். முதற் பாடவேளை தொடங்கும் நேரத்தை விட இடைவேளையோ பாடசாலை முடியும் நேரமோ நல்லது. கொடுக்கும்போது ஒரு வசனம் போதும்: "ரீச்சர், வாற வியாழக்கிழமை சங்கீத சபைப் பரீட்சை, அதுக்கு லீவுக் கடிதம்." பதில் வரும்வரை லீவு கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பரீட்சைக்கு முதல்நாள் ஒருமுறை மெதுவாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பாடசாலை நேரத்தில் இடையில் வெளியேறுவதானால் வகுப்பாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. வாயிலில் யார் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பார்கள். ஆகவே கடிதத்தில் "எனது தாயார் 10.30க்கு வந்து அழைத்துச் செல்வார்" என்பது போல ஆளும் நேரமும் எழுதப்படவேண்டும். சொன்ன ஆள்தான் வரவேண்டும். அம்மா என்று எழுதிவிட்டு மாமா வந்தால், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக் கேட்கும்வரை அங்கேயே நிற்கவேண்டிவரும். பரீட்சை நாளில் அந்த அரை மணித்தியாலம் பெரிய இழப்பு.

ஒரே வகுப்பில் மூன்று பேர் தோற்றுகிறார்கள் என்றால் மூன்று கடிதங்கள் தேவை. ஒரே ஆசிரியையிடம் பழகினாலும் தரம் வேறு, நேரம் வேறு, சில வேளை நாளே வேறு. ஒருவர் எழுதி மற்றவர்கள் கீழே ஒப்பமிடும் கூட்டுக் கடிதத்தில் யாருக்கு எந்த நாள் என்று ஆசிரியருக்குத் தெரியாது. பாடசாலையின் சங்கீத ஆசிரியையே விண்ணப்பம் அனுப்பியிருந்தாலும் வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம். கடிதம் கொடுங்கள்.

8. அட்டை பிந்தி வந்தால், திகதி மாறினால்

அட்டை முதல்நாள் மாலைதான் கிடைத்தது என்றால் பெற்றோர் அன்றே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். எண் தெரியாவிட்டால் மறுநாள் காலை பாடசாலை தொடங்கும் நேரத்தில் பெற்றோரோ அயலவர் பிள்ளையோ கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்தக் கடிதத்தில் "அனுமதி அட்டை நேற்று மாலையே கிடைத்தமையால் முன்கூட்டி அறியத்தர முடியவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். கடிதத்தின் திகதியைப் பின்தள்ளி மூன்று நாளுக்கு முன் எழுதியது போலக் காட்டாதீர்கள்.

லீவு கிடைத்த பிறகு பரீட்சைத் திகதி மாறினால், பழைய கடிதத்தில் வெட்டித் திருத்தக் கேட்காமல் புதுக் கடிதம் கொடுங்கள். "12.06.2026 திகதியிட்ட எனது கடிதம் தொடர்பாக" என்று தொடங்கி, பழைய நாளில் பாடசாலைக்கு வருவீர்கள் என்பதை முதலிலும் புதிய நாளைப் பிறகும் எழுதுங்கள். மாற்றத்தை அறிவித்த கடிதமோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதன் பிரதியையும் இணைக்கவேண்டும். அலகுப் பரீட்சைக்கு வேறு நாள் கேட்டிருந்தால் அந்தப் பாட ஆசிரியரிடமும் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

9. பரீட்சை முடிந்து திரும்பிய நாள்

லீவு கிடைத்திருந்தாலும் நீங்கள் அன்று வகுப்பில் இருக்கவில்லை. கடிதம் வராமைக்குக் காரணத்தைப் பதிகிறதே தவிர, அந்த நாளை வந்த நாளாக மாற்றிவிடாது. இதை முக்கியமாக உயர்தர மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும். அவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு கேட்கப்படுகிறது. ஏற்கெனவே வரவு குறைந்திருந்தால் லீவு கேட்கும் முன்பே வகுப்பாசிரியரோடு கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

மறுநாள் காலையில் வகுப்பாசிரியரிடம் போய்ப் பரீட்சை முடிந்தது என்று சொல்லுங்கள். கடிதத்தில் எழுதிய பாடக் குறிப்புகளை அன்றே எடுத்து எழுதத் தொடங்குங்கள். அறிமுறைக்கு இன்னொரு நாள் லீவு தேவைப்பட்டால் அவர் முதலில் பார்க்கப்போவது அந்தக் கொப்பிகளைத்தான்.